பாதிக்குப் பாதி: நீண்டுபோன ஏபிடிடியும் கலவைச் சோதனையும்

ஏபிடிடி என்பது, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா சோதனைக் குழாயில் உறைவதற்கு எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறது என்று அளக்கும் சோதனை. பெரும்பாலான ஆய்வகங்களில் 25 முதல் 35 விநாடி வரை இயல்பு. ஒருவருக்கு 70 அல்லது 80 விநாடி என்று வந்தால் அதற்கு அடிப்படையில் இரண்டு விதமான காரணங்களே இருக்க முடியும். உறைவதற்கு வேண்டிய புரதம் ஏதோ ஒன்று குறைவாக இருக்கலாம். அல்லது எல்லாப் புரதங்களும் உற்பத்தியாகியும், அவற்றை வேலை செய்ய விடாமல் ஏதோ ஒன்று தடுக்கலாம். முதலாவது பற்றாக்குறை, இரண்டாவது தடுப்பான். 80 என்ற எண்ணை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது எந்த வகை என்று தெரியாது. பற்றாக்குறை உள்ளவருக்கு அந்தப் புரதத்தை ஏற்றினால் ரத்தப்போக்கு நிற்கும். தடுப்பான் உள்ளவருக்கு அதையே ஏற்றினால் பெரும்பாலும் வீணாகும். இன்னொரு வகைத் தடுப்பானோ ரத்தப்போக்கையே உண்டாக்காது. மாறாக, நாளங்களுக்குள் ரத்தத்தைக் கட்டவைக்கும். இவற்றைப் பிரித்தறிய ஆய்வகம் முதலில் செய்வது எளிமையான ஒரு காரியம்: நோயாளியின் பிளாஸ்மாவையும் ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவையும் சம அளவில் கலந்து, மறுபடியும் ஏபிடிடி பார்ப்பது. ஆய்வகங்களில் இதை ‘மிக்ஸிங் ஸ்டடி’ என்கிறார்கள். கலவைச் சோதனை என்று சொல்லலாம்.

கலப்பதற்கு முன், ஏபிடிடி எதை அளக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வெளிர்நீல மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுக்கப்படுகிறது. குழாயின் அடியில் சோடியம் சிட்ரேட் கரைசல் இருக்கும். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்பது கணக்கு. சிட்ரேட், ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குழாயில் ரத்தம் உறையாது. குழாயைச் சுழலியில் வைத்துச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கி, வைக்கோல் நிறப் பிளாஸ்மா மேலே தெளியும். அதில் பத்தில் ஒரு மில்லிலிட்டர் எடுத்து, பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பும் சிலிக்கா போன்ற தூண்டுபொருளும் சேர்ந்த வினைக்கரைசலை அதே அளவு ஊற்றி, 37 டிகிரி வெப்பத்தில் சில நிமிடம் வைக்கிறார்கள். பிறகு கால்சியம் குளோரைடு சேர்த்த கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பைப்ரின் இழைகள் தோன்றிப் பிளாஸ்மா கெட்டியாகும் கணத்தில் நிற்கிறது. அந்த இடைவெளிதான் ஏபிடிடி.

இந்த இடைவெளிக்குள் பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டியாக வேண்டும். பன்னிரண்டாம் காரணி பதினொன்றைத் தூண்டும், அது ஒன்பதை. ஒன்பதும் எட்டும் சேர்ந்து பத்தை. பத்தும் ஐந்தும் சேர்ந்து இரண்டாம் காரணியான புரோத்ராம்பினை. கடைசியில் பைப்ரினோஜன் பைப்ரினாக மாறும். சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமாக இருந்தாலும் நேரம் நீளும். ஏழாம் காரணி இந்த வழியில் இல்லை. அதைப் பார்ப்பது பிடி எனப்படும் இன்னொரு சோதனை. ஆகவே பிடி இயல்பாக இருந்து ஏபிடிடி மட்டும் நீண்டால், சந்தேகம் எட்டு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய காரணிகளின் பக்கம் திரும்புகிறது.

கலந்து பார்க்கும் யோசனை ஏபிடிடி சோதனையைவிடப் பழையது. 1947இல் பியூனஸ் ஐரிஸ் நகரத்து மருத்துவர் அல்பிரெடோ பவ்லோவ்ஸ்கி, ஒரு ஹீமோபிலியா நோயாளியின் ரத்தம் இன்னொரு ஹீமோபிலியா நோயாளியின் உறைதல் குறையைச் சரிசெய்வதைக் கவனித்து எழுதினார். இருவருக்கும் ஒரே குறை என்றால் இப்படி நடக்க வாய்ப்பில்லை. 1952இல் ரோஸ்மேரி பிக்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆக்ஸ்போர்டில் இதைத் தெளிவாக்கினார்கள்: ஒரு கூட்டத்தாரிடம் எட்டாம் காரணி இல்லை, இன்னொரு கூட்டத்தாரிடம் ஒன்பதாம் காரணி இல்லை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்ததால்தான் கலவை உறைந்தது. இரண்டாவது நோய்க்கு, அந்தக் கட்டுரையில் வந்த ஸ்டீபன் கிறிஸ்துமஸ் என்ற சிறுவனின் பெயரே நிலைத்தது. கட்டுரை வெளியானதும் கிறிஸ்துமஸ் வாரத்து இதழில்தான். இன்றைய கலவைச் சோதனைக்கும் அடிப்படைத் தர்க்கம் இதுவே.

சம அளவில் கலப்பது ஏன் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவில் ஒவ்வொரு காரணியின் அளவையும் 100 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறார்கள். நோயாளியிடம் எட்டாம் காரணி 1 சதவீதமே இருக்கிறது என்று கொள்வோம். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் கலவையில் ஏறக்குறைய 50 சதவீதம் இருக்கும். நோயாளியிடம் சுத்தமாக இல்லாவிட்டாலும் 50தான். உறைவதற்கு 100 சதவீதம் தேவையில்லை என்பது இங்கே கைகொடுக்கிறது. பெரும்பாலான ஏபிடிடி வினைக்கரைசல்களில் ஒரு காரணி சுமார் 30 முதல் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் நேரம் நீளத் தொடங்கும். எனவே காரணம் பற்றாக்குறை மட்டுமே என்றால், கலவையின் நேரம் இயல்புக்குத் திரும்பியாக வேண்டும். இதைத் ‘திருத்தம்’ என்கிறார்கள். தடுப்பான் இருந்தால் நடப்பது வேறு. நோயாளியின் பிளாஸ்மாவில் இருக்கும் தடுப்பான், புதிதாக வந்து சேர்ந்த நல்ல புரதங்களையும் விட்டுவைக்காது. நேரம் நீண்டே இருக்கும்.

இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால், ஆரோக்கியமான பிளாஸ்மா உண்மையிலேயே 100 சதவீதத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஒரே ஒருவரிடம் எடுத்தால் அவருக்கு எட்டாம் காரணி இயல்பின் கீழ்க்கோட்டில் இருக்கலாம்; கலவையில் அது பாதியாகி, பற்றாக்குறை போன்ற தோற்றத்தைத் தானே உண்டாக்கும். அதனால் குறைந்தது 20 பேரிடம் எடுத்த பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்துவது வழக்கம். தட்டணுக்கள் மிச்சமில்லாதபடி அது சுத்தமாக இருப்பதும் முக்கியம். தட்டணு உடைந்தால் பாஸ்போலிப்பிட் வெளியே வரும். அது சில தடுப்பான்களை மறைத்துவிடும். நோயாளியின் பிளாஸ்மாவுக்கும் இதே நிபந்தனைதான். உறையவைத்துச் சேமிக்கும் ஆய்வகங்கள் இருமுறை சுழற்றித் தட்டணுக்களை நீக்குவது இதற்காகவே.

உண்மையில் ஆய்வகத்தின் முதல் வேலை கலப்பதும் அல்ல. நீண்டுபோன ஏபிடிடிகளில் கணிசமானவை நோயால் வருவதில்லை; ரத்தம் எடுத்த விதத்தால் வருகின்றன. நோயாளிக்குப் பொருத்திய குழாய் அடைபடாமலிருக்க ஹெபாரின் விட்டிருப்பார்கள். அதே குழாயிலிருந்து சோதனைக்கும் ரத்தம் எடுத்தால் கொஞ்சம் ஹெபாரினும் சேர்ந்து வரும். ஹெபாரின் கலவையிலும் வேலை செய்யும். ஆகவே அது தடுப்பான் போலவே வேஷம் கட்டும். கண்டுபிடிக்க த்ராம்பின் டைம் என்ற சோதனை போதும். பிளாஸ்மாவில் நேரடியாக த்ராம்பினை ஊற்றுவது அது. எட்டாம் காரணி, ஒன்பதாம் காரணி எதுவும் அதற்குத் தேவையில்லை. அது மட்டும் தாறுமாறாக நீண்டிருந்தால் ஹெபாரினையோ டாபிகாட்ரான் போன்ற மாத்திரையையோ சந்தேகிக்க வேண்டும். ரிவராக்ஸபான் வகை மாத்திரைகளோ த்ராம்பின் டைமைத் தொடுவதில்லை. அவற்றைக் கண்டுபிடிக்க நோயாளியின் மருந்துச் சீட்டைக் கேட்பது ஒரு வழி. குழாயில் குறித்த கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டாலும் சிட்ரேட் மிகுந்து நேரம் நீளும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி இருப்பவர்களிடம், ஹீமட்டோகிரிட் 55 சதவீதத்தைத் தாண்டினால், கோடு வரை நிரம்பினாலும் பிளாஸ்மா குறைந்து இதே தவறு நேரும். இவையெல்லாம் கலவைச் சோதனையின் ஒரு துளி பிளாஸ்மாவைச் செலவழிக்கும் முன்பே தீர்க்க வேண்டியவை. தீர்க்காமல் கலந்து, ‘தடுப்பான் உள்ளது’ என்று எழுதிவிட்டால் அந்தச் சொல் நோயாளியின் கோப்பை விட்டு எளிதில் போகாது.

கலந்தபின் நேரம் திருந்தினால் பற்றாக்குறை. அடுத்து எந்தக் காரணி என்று ஒவ்வொன்றாக அளந்து பார்க்கிறார்கள். திருத்தம் என்றதும் ரத்தப்போக்கு வரும் என்று முடிவுகட்டவும் கூடாது. அமெரிக்காவில் ஜான் ஹேக்மன் என்பவருக்கு அறுவைக்கு முந்தைய வழக்கமான சோதனையில் ரத்தம் உறைய மிக நீண்ட நேரம் எடுத்தது. ஆனால் அவருக்கு ரத்தப்போக்கின் வரலாறே கிடையாது. அவரிடம் இல்லாதது பன்னிரண்டாம் காரணி. ஆஸ்கர் ராட்னாப் அதை 1955இல் விவரித்தார். காரணிக்கே ஹேக்மன் பெயர் ஒட்டிக்கொண்டது. இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து 1968இல் அவர் இறந்தார். உடலுக்குள் ரத்தப்போக்கை நிறுத்தப் பன்னிரண்டாம் காரணி தேவையில்லை. கண்ணாடிக் குழாயில் தூண்டுபொருளோடு சோதிக்கும்போது மட்டும் அது தேவை. ஆகவே ஏபிடிடி 100 விநாடிக்கு மேல் போய், கலவையில் முழுதாகத் திருந்தி, நோயாளிக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றால் அனுபவமுள்ள ஆய்வகத்தார் முதலில் பன்னிரண்டைத்தான் நினைப்பார்கள்.

கலந்தபின்னும் நேரம் திருந்தாவிட்டால் அதிகம் தென்படுவது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற எதிர்ப்புரதம். பெயரே இரட்டைத் தவறு. லூபஸ் நோய் இல்லாத பலரிடமும் அது இருக்கிறது. ஆன்டிகோயாகுலன்ட், அதாவது உறைவுத் தடுப்பி என்று பெயர் வைத்தாலும் உடலுக்குள் அது ரத்தத்தைக் கட்டவைக்கிறது: கால் சிரையில் கட்டி, பக்கவாதம், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு. குழாயில் மட்டும் ஏன் எதிர்மாறாக நடக்கிறது என்பதற்கு விடை வினைக்கரைசலில் இருக்கிறது. உறைதல் காரணிகள் ஒன்றுகூடி வேலை செய்ய ஒரு கொழுப்புத் தளம் வேண்டும். சோதனையில் அந்தத் தளம், அளவோடு சேர்க்கப்பட்ட பாஸ்போலிப்பிட். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கொழுப்பின் மேல் ஒட்டும் சில புரதங்களைப் பிடித்துக்கொண்டு அந்தத் தளத்தையே ஆக்கிரமித்துவிடுகிறது. காரணிகளுக்கு இடமில்லாமல் போகிறது. கொழுப்பைத் தேவைக்கு மேல் ஊற்றினால் ஆக்கிரமிப்பு போதாமல் போய் நேரம் குறையும். லூபஸை உறுதிசெய்யும் சோதனைகள் இந்தக் கோட்பாட்டின் மேல்தான் நிற்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக் கண்ணாடி விரியனின் விஷம் வேண்டும். அது பத்தாம் காரணியை நேரடியாகத் தூண்டிவிடும். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய பேட்ரிக் ரஸ்ஸலின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கும் அதே விரியன்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் கொழுப்பைத் தொட்டவுடனே வேலையைத் தொடங்கிவிடுகிறது என்பது. கலந்த உடனே சோதித்தாலே பெரும்பாலும் திருத்தம் கிடைக்காது. எட்டாம் காரணிக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்புரதம் அப்படியல்ல. அது மெதுவாகப் பிணைகிறது. அறை வெப்பத்தில் கலந்து உடனே அளந்தால், கலவையில் வந்து சேர்ந்த எட்டாம் காரணியில் பெரும்பகுதி இன்னும் பிடிபடாமல் இருக்கும். நேரம் திருந்திவிட்டது போலத் தெரியும். 37 டிகிரியில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் விட்டால்தான் தடுப்பான் தன் வேலையை முடிக்கும். அதனால் கலவைச் சோதனையின் ஆபத்தான தவறு எது என்றால், உடனே திருந்திய கலவையைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திவிடுவதுதான். இரண்டு மணி நேரக் காத்திருப்பை எந்த வேலைநெருக்கடியிலும் கைவிடக் கூடாது. ரத்தப்போக்கு உள்ள நோயாளி என்றால் இதில் விவாதத்துக்கே இடமில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு நோயாளியைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை, ஆனால் போக்கு இந்நோயில் வழக்கமாகக் காண்பது. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர். இளவயதில் குடலிறக்க அறுவை செய்திருக்கிறார், பல் பிடுங்கியிருக்கிறார். எதிலும் ரத்தம் நிற்காமல் போனதில்லை. இப்போது காரணமே இல்லாமல் முதுகிலும் தொடையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறக் கன்றிப்புகள். காய்ச்சலுக்கு ஊசி போட்ட முன்கை உருண்டையாக வீங்கிக் கிடக்கிறது. தட்டணு எண்ணிக்கை இயல்பு. பிடி 13 விநாடி, இயல்பு. ஏபிடிடி 84 விநாடி. த்ராம்பின் டைம் இயல்பாக இருப்பதால் ஹெபாரின் இல்லை. மருந்துச் சீட்டில் உறைவெதிர்ப்பு மாத்திரையும் இல்லை.

சேர்த்து வைத்த ஆரோக்கியப் பிளாஸ்மாவின் ஏபிடிடி அன்று 30 விநாடி. இரண்டையும் சமமாகக் கலந்து உடனே அளந்தால் 34. வரம்புக்குள் வந்துவிட்டது. இதோடு நிறுத்தினால் அறிக்கையில் எழுதப்படுவது ‘திருத்தம் உள்ளது, காரணிப் பற்றாக்குறை’ என்பதுதான். அடுத்து எட்டாம் காரணியை அளந்தால் அது 3 சதவீதம் என்று வரும். முடிவு உறுதியானது போலவே தோன்றும். எழுபது வயதில் திடீரென ஹீமோபிலியா எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்காவிட்டால், எட்டாம் காரணி ஏற்றப்படும். ஏற்றியதை எதிர்ப்புரதம் அழித்துக்கொண்டே இருக்கும். வீக்கம் குறையாது.

எனவே நான்கு குழாய்கள் 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைக்கப்படுகின்றன. முதலாவதில் நோயாளியின் பிளாஸ்மா மட்டும். இரண்டாவதில் ஆரோக்கியப் பிளாஸ்மா மட்டும். மூன்றாவதில் இரண்டும் சமமாகக் கலந்தது. நான்காவது சோதனைக்கு, நோயாளியின் பிளாஸ்மாவும் ஆரோக்கியப் பிளாஸ்மாவும் தனித்தனியாகவே சூட்டில் இருந்து, இரண்டு மணி நேரம் முடிந்தபின் கலக்கப்படும். எட்டாம் காரணி பலவீனமான புரதம். தடுப்பான் ஏதும் இல்லாமலே 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருந்தால் கொஞ்சம் கெட்டுப்போகும். சூட்டில் வைத்ததாலேயே நேரம் எவ்வளவு நீளும் என்று தெரிந்தால்தான், அதற்கு மேல் நீண்டதைத் தடுப்பானின் கணக்கில் எழுத முடியும். தனித்தனியாகச் சூடேறிப் பிறகு சேர்ந்த கலவை அந்த ஒப்பீட்டைத் தருகிறது. சூட்டில் வைத்த கலவையை, காலையில் உடனே அளந்த 34 விநாடியோடு மட்டும் ஒப்பிடுவது பல இடங்களில் நடக்கும் தவறு.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஆரோக்கியப் பிளாஸ்மா 33 விநாடி, நோயாளியின் பிளாஸ்மா 88. தனித்தனியாகச் சூடேறிக் கடைசியில் கலந்தது 37. சேர்ந்தே சூட்டில் இருந்தது 61. எல்லாம் ஒரே பிளாஸ்மா, ஒரே அளவு, ஒரே வெப்பம், ஒரே நேரம். வித்தியாசம் இரண்டு பிளாஸ்மாக்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த இரண்டு மணி நேரம் மட்டுமே. அந்த 24 விநாடி, ஆரோக்கியப் பிளாஸ்மாவிலிருந்து வந்த எட்டாம் காரணியை நோயாளியின் எதிர்ப்புரதம் தின்றதன் அளவு. இந்த நோய்க்குப் பெயர் பின்னால் வந்த ஹீமோபிலியா. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வருவது. பெரும்பாலும் முதியவர்களுக்கும், அரிதாகப் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் பெண்களுக்கும் வருகிறது. பிறவி ஹீமோபிலியாவைப் போல மூட்டுக்குள் ரத்தம் கசிவது இதில் அபூர்வம். தோலும் தசையும்தான் கறுத்து வீங்கும்.

பிறவி ஹீமோபிலியா உள்ளவர்களுக்கும் இந்தச் சோதனை வேறொரு வகையில் தேவைப்படுகிறது. எட்டாம் காரணி அடியோடு இல்லாத குழந்தைக்கு அதை ஊசியாக ஏற்றும்போது உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்புரதம் உண்டாக்கலாம். கடுமையான ஹீமோபிலியா உள்ளவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களிடம் இப்படி நடக்கிறது. ஏற்றிய மருந்து முன்போல வேலை செய்யவில்லை என்று பெற்றோர் சொன்னால், அதே கலவையும் அதே இரண்டு மணி நேரமும்.

‘திருந்தியது’, ‘திருந்தவில்லை’ என்று இதுவரை சுலபமாகச் சொன்னாலும், இடையில் கிடக்கும் எண்கள்தான் ஆய்வகத்தை வாட்டுகின்றன. 84 விநாடி 34 ஆனால் சந்தேகமில்லை. நோயாளியின் ஏபிடிடி 48, ஆரோக்கியப் பிளாஸ்மா 30, கலவை 37 என்று வந்தால்? இயல்பு வரம்பின் மேல்கோடு 36 என்று வைத்துள்ள ஆய்வகம் ‘திருந்தவில்லை’ என்னும். ரோஸ்னர் குறியீடு என்று ஒன்று உண்டு: கலவையிலிருந்து ஆரோக்கியப் பிளாஸ்மாவைக் கழித்து, நோயாளியின் நேரத்தால் வகுத்து, 100ஆல் பெருக்குவது. இங்கே 7ஐ 48ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14.6. பல இடங்களில் 15க்கு மேல் போனால்தான் தடுப்பான். ஆகவே ‘திருந்தியது’ என்று மயிரிழையில் தப்பும். மூன்றாவது முறை, நீட்சியில் எத்தனை சதவீதம் சரியாயிற்று என்று பார்ப்பது. மொத்த நீட்சி 18 விநாடி, குறைந்தது 11. ஏறக்குறைய 61 சதவீதம். 70க்கு மேல் பற்றாக்குறை, 58க்குக் கீழ் தடுப்பான் என்ற கணக்கில் இது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஒரே பிளாஸ்மாவுக்கு மூன்று விதி, மூன்று விடை. எந்த விதியும் எல்லா வினைக்கரைசலுக்கும் பொருந்தாது என்பதால், தன் கையில் உள்ள கரைசலில் தெரிந்த நோயாளிகளின் மாதிரிகளைச் சோதித்து ஒவ்வோர் ஆய்வகமும் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும். இன்னோர் இடத்தின் அறிக்கையில் உள்ள எல்லையை அப்படியே எடுத்து எழுதுவது அளக்காத துணிக்கு விலை சொல்வதைப் போன்றது.

நடுவில் கிடக்கும் இந்த எண்களுக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, தடுப்பான் இருந்தும் அது பலவீனமாக இருப்பது. பாதிக்குப் பாதி கலந்தபோது அதுவும் பாதியாக நீர்த்துவிட்டதால் ஓசையின்றி அடங்கிவிடும். நோயாளியின் பிளாஸ்மா நான்கு பங்கு, ஆரோக்கியமானது ஒரு பங்கு என்று கலந்தால் சில நேரம் அது வெளிப்படும். இரண்டாவது, ஒரே காரணியல்ல, பல காரணிகள் ஒரே நேரத்தில் குறைந்திருப்பது: கல்லீரல் நோய், வைட்டமின் கே குறைவு, வார்பரின் மாத்திரை. எல்லாமே ஒருசேர 50 சதவீதத்தில் நிற்கும் கலவை, ஒன்று மட்டும் 50இல் நிற்கும் கலவையைப் போல வேகமாக உறையாது. தடுப்பானே இல்லாமல் அரைகுறைத் திருத்தம் வரும். இத்தகைய நோயாளிகளிடம் பிடியும் நீண்டிருக்கும் என்பதால் அதைப் பார்த்தே உஷாராகிவிடலாம். மூன்றாவது காரணம், தொடக்கத்திலேயே ஏபிடிடி இரண்டு மூன்று விநாடி மட்டும் நீண்டிருப்பது. இறங்குவதற்கு இடமே இல்லாத இடத்தில் எவ்வளவு இறங்கியது என்று அளப்பதில் பொருளில்லை. இத்தகைய மாதிரிகளில் கலவைச் சோதனையை விட்டுவிட்டு நேரே காரணிகளை அளப்பதும், லூபஸ் சோதனைகளைச் செய்வதும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

காரணிகளை அளப்பதிலும் தடுப்பான் ஏமாற்று வேலை செய்யும். எட்டாம் காரணியை அளக்கும் வழக்கமான முறையும் ஏபிடிடியின் மேல் கட்டியதுதான். அதனால் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் இருந்தால் எட்டு, ஒன்பது, பதினொன்று மூன்றுமே குறைவாக இருப்பதுபோல் காட்டும். பிளாஸ்மாவை மேலும் மேலும் நீர்த்து அளந்தால், உண்மையான பற்றாக்குறையில் கணக்கிட்ட சதவீதம் மாறாது. தடுப்பான் இருந்தால் நீர்க்க நீர்க்கச் சதவீதம் ஏறிக்கொண்டே போகும். ஒரே காரணியில் மட்டும் குறைவு நிலைத்து நின்றால் அது குறிப்பான தடுப்பான். பலவற்றில் குறைந்து, நீர்த்ததும் எழுந்தால் அது லூபஸ்.

மேலே சொன்ன முதியவரிடம் ஒன்பதும் பதினொன்றும் முதல் அளவில் சற்றுக் குறைந்து, நீர்த்தபின் இயல்புக்கு வந்தன. எட்டு மட்டும் அடியிலேயே கிடந்தது. அடுத்து தடுப்பானின் வலிமையை அளக்க வேண்டும். அதற்கான அலகு அமெரிக்காவின் பெதஸ்டா நகரத்துப் பெயரால் 1975 முதல் வழங்குகிறது. நோயாளியின் பிளாஸ்மாவைப் படிப்படியாக நீர்த்து, ஒவ்வொன்றையும் ஆரோக்கியப் பிளாஸ்மாவோடு சமமாகக் கலந்து, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, மிஞ்சிய எட்டாம் காரணியை அளப்பார்கள். பாதியை மட்டும் அழிக்கும் அளவு தடுப்பான் ஒரு பெதஸ்டா அலகு. இவருடைய பிளாஸ்மாவை இருபது மடங்கு நீர்த்தபோது பாதி மிஞ்சியது என்றால், அது 20 அலகு. 5 அலகுக்கு மேல் வலுவான தடுப்பான் என்பது பிறவி ஹீமோபிலியாவில் மருந்தைத் தீர்மானிக்கும் கோடு: அதற்கு மேல் எட்டாம் காரணியை எவ்வளவு ஏற்றினாலும் எடுபடாது. பின்னால் வந்த ஹீமோபிலியாவில் இந்த எண்ணை அவ்வளவு நம்ப முடியாது. அங்கே எதிர்ப்புரதம் எட்டாம் காரணியை முழுதாக அழிக்காமல் கொஞ்சம் மிச்சம் வைக்கும். அந்த மிச்சத்தை வைத்து ரத்தப்போக்கின் கடுமையைக் கணிக்க முடியாது. 2 அலகு உள்ளவருக்கும் வீக்கம் உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே சிகிச்சையில், எட்டாம் காரணி தேவைப்படும் படியையே தாண்டிச் செல்லும் மருந்துகளை, அதாவது தூண்டப்பட்ட ஏழாம் காரணி போன்றவற்றை, கொடுத்து ரத்தப்போக்கை நிறுத்துகிறார்கள். எதிர்ப்புரதத்தின் உற்பத்தியை அடக்கப் பிரெட்னிசோலோன் கூடவே தொடங்கும். வாரங்கள் கழித்து மறுபடி எடுத்த ரத்தத்தில், சேர்ந்து சூடேறிய கலவையும் தனித்தனியாகச் சூடேறிய கலவையும் ஒன்றுக்கொன்று ஓரிரு விநாடிக்குள் வந்து, எட்டாம் காரணியும் 50 சதவீதத்தைத் தாண்டி நின்றால், எதிர்ப்புரதம் அடங்கிவிட்டது என்று பொருள்.